28 விழுக்காட்டில் நின்ற தீமிதி: யூடியூபில் காணொளி ஏறாதபோது எங்கே பார்ப்பது

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, 80 நிமிடக் காணொளி. அதை யூடியூபில் ஏற்ற எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் செம்பனைச் சாலையில் எங்கள் வீடு. ஃபைபர் லைன் இன்னும் வரவில்லை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான் கதி. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பழைய தோட்டத்து ஆட்கள் லிங்க் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கோயில் தலைவர் தினமும் காலையில் பசியாறும் நேரத்தில் போன் போடுவார். "தம்பி, ஏத்தியாச்சா?" "28 விழுக்காட்டுல நிக்குது ஐயா." "நேத்து 4ன்னு சொன்னியே?"

அந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. 4-க்கு ஒரு காரணம், 28-க்கு வேறொரு காரணம், 100 ஏறிய பிறகு விழுந்ததற்கு மூன்றாவது காரணம். விழுக்காட்டை ஜிபியாகவும் நிமிடமாகவும் மாற்றிப் பார்த்திருந்தால் முதல் இரவே எனக்குப் புரிந்திருக்கும். உங்களுக்கு அந்த நான்கு இரவு வேண்டாம்.

1. ஏறும்போது நிற்கிறதா, ஏறிய பிறகு நிற்கிறதா?

யூடியூபில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முதலில் கோப்பு உங்கள் கணினியிலிருந்து அவர்கள் கணினிக்குப் போகிறது; திரையில் Uploading என்று இருக்கும். அது முடிந்ததும், பல அளவுகளில் பார்க்க வசதியாக அவர்கள் அந்தக் கோப்பை மாற்றியமைக்கிறார்கள். அப்போது Processing என்று வரும்.

Uploading நடக்கும்போது நின்றால் குற்றம் உங்கள் பக்கம்: லைன், கணினி, அல்லது கோப்பு இருக்கும் டிஸ்க். Processing-இல் விழுந்தால் பெரும்பாலும் கோப்பே பழுது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கோப்பு பழுதாக இருக்கும்போது லைனை மாற்றுவதும் லைன் மோசமாக இருக்கும்போது கோப்பை மாற்றுவதும்தான் நேரத்தைத் தின்னும். நான் இரண்டையும் செய்தேன்.

இன்னொன்று: Uploading முடிந்துவிட்டால் கணினியை அணைக்கலாம். Processing அவர்கள் இடத்தில் நடப்பது, உங்கள் லைனுக்கு அதில் வேலையில்லை. இது தெரியாமல் மூன்றாம் இரவு மடிக்கணினி முன்னால் காவல் இருந்தேன்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளி என்றால் உங்கள் சேனல் கைப்பேசி எண்ணால் உறுதிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். `youtube.com/verify` என்ற முகவரிக்குப் போய் எண்ணைக் கொடுத்தால் குறுஞ்செய்தியில் குறியீடு வரும். காசு இல்லை, ஐந்து நிமிட வேலை. அதன்பின் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை, எது குறைவோ அதுவரை ஏற்றலாம். கோயில் சேனலுக்கு யாருடைய எண்ணைக் கொடுப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒரே எண்ணை ஓராண்டில் இரண்டு சேனல்களுக்குத்தான் பயன்படுத்த முடியும். எங்கள் செயலாளர் தன் எண்ணை ஏற்கெனவே இரண்டு இடத்தில் கொடுத்திருந்தார். பொருளாளரைத் தேடி லயத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

அடுத்து, உங்கள் பிளானில் ஹாட்ஸ்பாட்டுக்கு எத்தனை ஜிபி என்று பாருங்கள். "அன்லிமிடெட்" என்று பெயர் இருந்தாலும் பல பிளான்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டு. இந்த வரியை நான் படிக்காமல் விட்டதுதான் 28.

3. ஏற்றும் முன் ஒரு கணக்கு

முதலில் லைனின் ஏற்ற வேகம். `fast.com` திறந்து, கூடுதல் விவரத்தை அழுத்தினால் Upload என்று ஓர் எண் வரும். பெரிய எழுத்தில் முதலில் காட்டுவது இறக்க வேகம், அது இங்கே உதவாது. படம் பார்க்க நன்றாக ஓடும் லைன் ஏற்றும்போது நொண்டும், அது வழக்கம்தான். என் வீட்டில் இறக்கம் 30, ஏற்றம் 6 மெகாபிட். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் போனைக் கையில் எடுக்கும் நேரத்தில் அந்த 6, 2 ஆகிவிடும். அதனால் நீங்கள் ஏற்றப்போகும் நேரத்திலேயே அளந்து பாருங்கள்.

பிறகு கோப்பின் அளவு. வேகம் மெகாபிட்டில், கோப்பு மெகாபைட்டில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே கோப்பின் ஜிபியை 8000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் நொடிகள் கிடைக்கும்.

என் முதல் கோப்பு 30 ஜிபி. 30 × 8000 ÷ 6 என்றால் 40,000 நொடி, 11 மணி நேரத்துக்கும் மேல். தோட்டத்தில் எந்த லைனும் 11 மணி நேரம் அசையாமல் நிற்காது.

ஏன் 30 ஜிபி? எடிட்டிங் மென்பொருளில் தரத்தை 'மிக உயர்' என்று விட்டுவிட்டேன். அது நொடிக்கு 50 மெகாபிட் எழுதியது. 1080p, நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள காணொளிக்கு யூடியூப் சொல்வது 8 மெகாபிட்தான். 4கே என்றால் 35 முதல் 45 வரை. எவ்வளவு அனுப்பினாலும் அவர்கள் மறுபடி சுருக்கத்தான் போகிறார்கள். பார்ப்பவரோ பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்க்கும் அத்தை. 8 மெகாபிட்டில் அதே 80 நிமிடம் ஒலியோடு சேர்த்து 4.9 ஜிபி. அது 1 மணி 50 நிமிடத்தில் ஏறும்.

லைனைத் திட்டுவதற்கு முன் கோப்பைச் சுருக்குங்கள். செலவில்லாத மருந்து இது ஒன்றுதான்.

4. பாதியில் நின்றால், நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள்

விழுக்காடு, தொடங்கிய நேரம், நின்ற நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாம் முறை நிற்கும்போது ஒப்பிட்டால் காரணம் பாதி வெளியே வந்துவிடும்.

*ஒரே நேர அளவுக்குப் பிறகு நின்றால்* கணினி தூங்கியிருக்கிறது. முதல் இரவு 4 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டி நின்றது: 30 ஜிபியில் அது சுமார் 1.3 ஜிபி, 6 மெகாபிட் வேகத்தில் ஏறக்குறைய 30 நிமிடம். மடிக்கணினி 30 நிமிடத்தில் தூங்குமாறு அமைத்திருந்தது. நான் அதற்கு முன்பே தூங்கிவிட்டேன். விண்டோஸில் Command Prompt திறந்து இதைத் தட்டினால், மின்சாரத்தில் இருக்கும்வரை தூங்காது:

```
powercfg /change standby-timeout-ac 0
```

மூடியை மூடினால் இது செல்லாது, திறந்தே வையுங்கள். கைப்பேசியிலிருந்தே ஏற்றுபவர்களுக்கும் இதே தொல்லை வேறு உருவில் வரும்: பேட்டரி சேமிப்பு, திரை அணைந்ததும் செயலியை நிறுத்திவிடும். சார்ஜரில் போட்டு, சேமிப்பை அணைத்துவிட்டு ஏற்றுங்கள்.

*ஒரே ஜிபி அளவில் நின்றால்* கோட்டா தீர்ந்திருக்கும். இரண்டாம் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டு தாண்டியதும் 28-இல் நின்றது. 28 விழுக்காடு என்பது 8.4 ஜிபி. முந்தின இரவு வீணாய்ப் போன 1.3-ஐயும் கூட்டினால் 9.7. என் பிளானில் ஹாட்ஸ்பாட்டுக்கு 10 ஜிபி. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நாள் ஆனது, ஏனென்றால் கைப்பேசியில் இணையம் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசிக்கு அளவில்லை, ஹாட்ஸ்பாட்டுக்குத்தான் உண்டு; லைன் நன்றாக இருப்பதாகவே கண் நம்பும். பத்து வெள்ளிக்கு இன்னொரு 10 ஜிபி வாங்கினேன்.

*ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால்* லைன் அறுந்து அறுந்து வருகிறது. அதைப் பார்க்க:

```
ping -n 100 8.8.8.8
```

நூறு முறை தட்டிக் கேட்கும். ஒன்றிரண்டு `Request timed out` வந்தால் பரவாயில்லை. பத்து வந்தால் அந்த இடத்தில் அந்த நேரத்தில் ஏற்றாதீர்கள். கைப்பேசியைச் சன்னல் ஓரம் வைத்து, யுஎஸ்பி கேபிள் வழியாக மடிக்கணினியோடு இணைத்துப் பாருங்கள். வைஃபை தொல்லை கழியும், கைப்பேசிக்கும் சார்ஜ் ஏறும். வீட்டில் ரௌட்டர் உள்ளவர்கள் லேன் கேபிள் போடலாம், 10 மீட்டர் கேபிள் பட்டணத்தில் எனக்கு 18 வெள்ளிக்குக் கிடைத்தது. மாலை இடி மழை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நான் இப்போது விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் ஏற்றுகிறேன். பிரட்டுக்குப் போகிறவர்கள் எழுந்து போன் பார்ப்பதற்குள் பெரும்பகுதி போய்விடும்.

*எந்த லைனில் போட்டாலும் மிகச்சரியாக ஒரே விழுக்காட்டில் நின்றால்* லைனை விட்டுவிடுங்கள். கோப்பு இருக்கும் பென்டிரைவிலோ மெமரி கார்டிலோ அந்த இடம் படிக்க முடியாமல் போயிருக்கிறது. கோப்பைக் கணினியின் டிஸ்க்குக்குக் காப்பி செய்து பாருங்கள். காப்பியும் அதே இடத்தில் திணறினால் சந்தேகமே வேண்டாம். காப்பி நன்றாக முடிந்தால் அந்தக் காப்பியிலிருந்து ஏற்றுங்கள். பொதுவாகவே பென்டிரைவிலிருந்து நேரடியாக ஏற்ற வேண்டாம். யாராவது நடுவில் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த 'யாராவது' எட்டு வயது.

நின்றுபோனதை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அதே கணக்கில் மறுபடி ஏற்றப் போய், அதே கோப்பைத் தேர்ந்தெடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், புதிதாக எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள். இரண்டாம் இரவு எனக்கு இது தெரியாது. முதல் இரவின் 1.3 ஜிபியைக் கோட்டாவிலிருந்து தூக்கிக் கொடுத்தேன்.

5. 100 ஏறிய பிறகு விழுந்தால்

மூன்றாம் இரவு. 8 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்தேன். மடிக்கணினி டிஸ்க் நிரம்பியிருந்ததால் நேராகப் பென்டிரைவுக்கு எழுதச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். வந்து பார்த்தால் கோப்பு இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் ஏறியும்விட்டது. தலைவருக்குப் போன் போட்டு "ஏறியாச்சு ஐயா" என்று சொன்ன பத்தாவது நிமிடம், Processing abandoned என்று வந்து நின்றது.

கோப்பு சரியாக 4 ஜிபி இருந்தது. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் அமைந்தது. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டவே முடியாது. 4.9 ஜிபி கோப்பு நடுவில் வெட்டுப்பட்டு நின்றிருக்கிறது. (விண்டோஸ் ஜிபியைச் சற்றுக் குறைத்தே காட்டும், 4.9 என்று கணக்கு வந்து 4.5, 4.6 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம்.)

வெட்டுப்பட்ட எம்பி4 கோப்பு ஏன் கொஞ்சம்கூட ஓடாது? எம்பி4 கோப்புக்குள் moov என்றொரு பகுதி உண்டு. எந்த ஃபிரேம் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பெயர்ப்பட்டியல் அதுதான். எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் இது எழுதப்படும், அதனால் வழக்கமாகக் கோப்பின் கடைசியில் இருக்கும். செக்ரோல் இல்லாத தோட்டம் மாதிரி. ஆள் எல்லாம் நிற்கிறார்கள், யார் எந்த நிரையில் என்று கிராணிக்குத் தெரியாது. பட்டியல் கடைசியில் இருக்க வேண்டியது என்பதால், கடைசி விழுக்காடு ஏறும்வரை அது இல்லை என்பதே யூடியூபுக்குத் தெரியாமல் போகலாம். உங்கள் ஒன்றரை மணி நேரம் போவது அப்படித்தான்.

பதிவு செய்யும்போது கேமரா பேட்டரி செத்தாலும், கைப்பேசியில் இடம் தீர்ந்தாலும், எக்ஸ்போர்ட் முடியுமுன் கணினி அணைந்தாலும் இதே கதைதான்.

6. ஏற்றும் முன் கோப்பைச் சோதித்து, சரிசெய்வது

முதலில் கோப்பைத் திறந்து கடைசி ஒரு நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள். தீபாராதனை தெரிந்தால் பாதி நிம்மதி. முழுச் சோதனைக்கு ffmpeg என்ற இலவச மென்பொருள் வேண்டும். கோப்பு இருக்கும் ஃபோல்டரில் Command Prompt திறந்து, `theemithi.mp4` என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரைப் போட்டுத் தட்டுங்கள்:

```
ffmpeg -v error -i theemithi.mp4 -f null -
```

கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்து, பிழை இருந்தால் மட்டும் வாய் திறக்கும். ஒன்றும் சொல்லாமல் முடிந்தால் கோப்பு நலம். `moov atom not found` என்று வந்தால் பட்டியல் இல்லை. அந்தக் கோப்பை எத்தனை முறை ஏற்றினாலும் விழும்.

எடிட்டிங் செய்த மூலம் உங்களிடம் இருந்தால் அந்தக் கோப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, டிஸ்க்கில் இடம் ஒதுக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நான் செய்தது அதுதான். பென்டிரைவுக்குத்தான் எழுத வேண்டுமென்றால் அதை எக்ஸ்எஃப்ஏடி முறைக்கு மாற்றலாம், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும். யாருடைய கல்யாணப் படமாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூலம் இல்லை, கேமரா எழுதிய ஒரே கோப்பே பழுது என்றால், `untrunc` என்ற இலவசக் கருவி உண்டு. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றைப் பக்கத்தில் கொடுத்தால் அதை மாதிரியாக வைத்துப் பட்டியலைத் திரும்பக் கட்ட முயலும். எல்லா நேரமும் பலிக்காது.

கோப்பு நலமாக இருந்து, பட்டியல் கடைசியில் கிடந்தால் அதை முன்னால் கொண்டுவரலாம். யூடியூபும் அதையே விரும்புகிறது. படத்தைத் தொடாது, சில நிமிட வேலை:

```
ffmpeg -i theemithi.mp4 -c copy -movflags +faststart ready.mp4
```

சோதனையில் பிழை இல்லை, ஆனாலும் Processing-இல் விழுகிறது என்றால், கோப்பு எழுதப்பட்ட முறை அவர்களுக்கு ஒவ்வவில்லை. கைப்பேசிகள் வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் வேகத்தை இடையிடையே மாற்றிக்கொள்ளும்; இரவுத் தீமிதியில் இது சகஜம். சில சமயம் ஒலி தனியாக ஓடிப்போவதும் இதனால்தான். அப்போது முழுவதையும் மறுபடி எழுதுங்கள்:

```
ffmpeg -i theemithi.mp4 -c:v libx264 -crf 20 -pix_fmt yuv420p -r 30 -c:a aac -b:a 192k -movflags +faststart ready.mp4
```

இதற்கு நேரம் பிடிக்கும். என் பழைய மடிக்கணினியில் 80 நிமிடக் காணொளிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கட்டளை தட்டப் பிடிக்காதவர்கள் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் Fast 1080p30 தேர்ந்தெடுத்து, Constant Framerate, Web Optimized இரண்டையும் போட்டால் ஏறக்குறைய இதே வேலை.

7. மறுபடி ஏற்றும்போது

விழுந்த பதிவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரே கோப்பை ஐந்து தாவலில் ஏற்றாதீர்கள். ஐந்தும் ஒரே லைனைப் பங்கு போட்டு ஐந்தும் தவழும். ஒரு நாளில் ஒரு சேனல் ஏற்றக்கூடிய எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

முதலில் Private-ஆக ஏற்றுங்கள். குறைந்த தரம் முதலில் தயாராகும், உயர்தரம் பிறகுதான் வரும். எனக்குக் குறைந்த தரம் இருபது நிமிடத்தில் வந்தது, 1080p வர ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேர 4கே காணொளிக்கு நான்கு மணி நேரம்வரை ஆகலாம் என்று யூடியூபே சொல்கிறது. அதற்குள் லிங்க் அனுப்பினால் "படம் மங்கலா இருக்கு தம்பி" என்று நாற்பது பேர் எழுதுவார்கள். மங்கல்தான், இன்னும் முடியவில்லை. இந்த நேரத்தில் பொறுமை இழந்து அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது பெரிய தப்பு. வரிசையில் மறுபடி கடைசியில் போய் நிற்பீர்கள்.

கோயில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடியிருந்தால் காப்புரிமை அறிவிப்பு வரலாம். அதைப் பார்த்துக் கோப்பு பழுது என்று நினைக்க வேண்டாம், அது வேறு விவகாரம்.

8. வீட்டில் ஆகவே ஆகாது என்றால்

நாடி என்று இப்போது பெயர் மாறியிருக்கும் சமூக இணைய மையம் பக்கத்தில் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள்; முன்பு பெடி என்பார்கள். மைகார்டு கையில் இருக்கட்டும், மூடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு, மூன்றாம் படியின் கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். ஐந்து மணிக்கு மூடும் இடத்தில் நான்கு மணிக்கு 4.9 ஜிபியைத் தொடங்கிப் பயனில்லை. அடுத்தவர் கணினியில் ஏற்றினால் கிளம்பும்போது கணக்கிலிருந்து வெளியேற மறக்காதீர்கள்.

நான்காம் இரவு என் வீட்டிலேயே ஏறியது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, 6.50-க்கு முடிந்தது. விண்டோஸ் 4 என்று காட்டிய மூன்றாம் இரவுக் கோப்பு உண்மையில் 4.3, இது 4.9, இரண்டும் சேர்ந்து 9.2 ஜிபி; வாங்கிய பத்து வெள்ளிக் கோட்டாவில் ஒரு ஜிபிகூட மிச்சமில்லை. முடிந்ததும் மடிக்கணினியைப் பழையபடி தூங்க விடுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் விழித்திருந்து சூடேறும்:

```
powercfg /change standby-timeout-ac 30
```